கூடிச் செய்த காரியத்தைக் கூடி ஆராய்தல்

ஒருவர் தனித்துச் செய்த வேலையை மதிப்பிடுதல் எளிது. அறுவர் கூடிச் செய்த வேலையை மதிப்பிடுதலோ அத்துணை எளிதன்று. வேலை செம்மையாய் முடிந்தவிடத்து ஒவ்வொருவரும் தம் பங்கே பெரிதென்பர். கெட்டுப்போயவிடத்து ஐவர் சேர்ந்து ஆறாமவரைச் சுட்டுவர். நம் கல்லூரியின் பல துறைகளில் இறுதியாண்டு மாணவர் குழுவாகச் சேர்ந்து ஒரு திட்டத்தை நிறைவேற்ற வேண்டுமென்னும் விதி இருந்து வருகின்றது. திட்டம் முடிந்தபின் பரிசீலனைக் கூட்டம் ஒன்று கூட்டும் வழக்கமும் உண்டு. ஆயினும் அக்கூட்டம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாய் முடிவதை யாம் பல்லாண்டு கண்டிருக்கின்றோம். ஒன்று, எல்லாரும் எல்லாரையும் பாராட்டித் தேநீர் அருந்திக் கலைவர். அன்றேல், கூட்டம் நியாயஸ்தலமாக மாறி, ஒருவர் கூண்டில் நிற்க, மற்றையோர் சாட்சி சொல்லிச் செல்வர். முன்னதில் ஒன்றும் கற்கப்படுவதில்லை. பின்னதில் கற்கப்படுவது ஒன்றே. அஃதாவது, அடுத்த முறை பிழையை மறைத்துவிட வேண்டுமென்பது.

இவ்விரண்டுக்கும் புறம்பான வழி ஒன்றுண்டு என்பதே எம் அபிப்பிராயம். அதனைப் பொதுவாகப் பேசாது, எம் மேற்பார்வையில் நடந்து பாதி கெட்டுப்போன ஒரு திட்டத்தைக் கொண்டே எடுத்துரைக்க விரும்புகின்றோம். அக்கேட்டில் எமக்கும் பங்குண்டு என்பதை முன்னரே சொல்லி வைக்கின்றோம்.

மாணவர் அறுவர், கல்லூரி வளாகத்திலும் அதனையடுத்த தெருக்களிலும் உள்ள பன்னிரண்டு கிணறுகளின் நீரை, ஆகஸ்டு இரண்டாம் வாரந் தொடங்கி நவம்பர் இறுதி வரை, சனிக்கிழமைதோறும் பதினாறு வாரம் அளந்து வந்தனர். வடகிழக்குப் பருவமழை பெய்தபின் கிணற்றுநீரின் உப்புத் தன்மை எவ்வளவு குறைகின்றது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. நீரில் உப்பு மிகுந்தால் மின்சாரம் அதனூடே எளிதிற் செல்லும். ஆதலின் மின்கடத்துமானி என்னுங் கருவியை நீரில் அமிழ்த்தி, அது காட்டும் எண்ணை மைக்ரோ சீமன்ஸ் அளவிற் குறித்துக் கொள்வர். அறுவருள் ஒருவர் தலைவர், ஒருவர் கருவிக்குரியவர், இருவர் அளவுநாடாவும் வாளியும் கொண்டு உடன் செல்பவர், ஒருவர் கணக்கர், ஒருவர் கல்லூரி மழைமானியைப் பார்த்துக் குறிப்பவர்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அவர்கள் வரைந்த படத்தைச் சற்று நேரம் உற்று நோக்கினார். ஒன்பதாம் வாரத்தில், அஃதாவது அக்டோபர் தொடக்கத்தில், பன்னிரண்டு கிணறுகளிலும் உப்பு ஒருங்கே குறைந்திருந்தது. நன்னீர்க் கிணற்றில் 900 என்றிருந்தது 720 ஆயிற்று; உவர்க்கிணற்றில் 2400 என்றிருந்தது 1920 ஆயிற்று. "மழை தொடங்குமுன்னரே எல்லாக் கிணறும் ஒரே வாரத்தில் சரியாக ஐந்திலொரு பங்கு இறங்குவானேன்?" என்று அவர் வினவினார். மாணவர் விடை சொல்ல இயலாது நின்றனர். கிணறுகள் தனித்தனியே வேறுபடும் இயல்பின. அவை யாவும் ஒரே விகிதத்தில் மாறுமாயின், மாறியது நீரன்று, அளக்குங் கருவியே என்று ஐயுற வேண்டும். அன்று மாலையே வேறொரு துறையிலிருந்து கருவி ஒன்றை இரவல் வாங்கி, இரண்டையும் பொட்டாசியம் குளோரைடு நியமக் கரைசலில் இட்டுப் பார்த்தோம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அக்கரைசல் 1413 காட்ட வேண்டும். இரவற் கருவி 1413 காட்டிற்று. நம் கருவி 1130 காட்டிற்று. ஒன்பதாம் வாரம் முதல் பதினாறாம் வாரம் வரை எடுத்த தொண்ணூற்றாறு அளவுகளும் நம்பத் தகாதனவாயின.

மறுநாட் காலை ஐவர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று எம்மிடம் வந்தது. திட்டத்திற்குரிய நூறு மதிப்பெண்களில் குழுப்பணிக்கென்று இருபத்தைந்து ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விருபத்தைந்தையும் கருவிக்குரிய மாணவருக்கு அளித்தலாகாது, அவருடைய கவலையீனத்தால் எங்கள் உழைப்புப் பாழாயிற்று, என்று அதில் எழுதியிருந்தது. அம்மாணவரை அழைத்தோம். "கருவி என் கையில் இருந்தது, ஐயா; பிழையும் என்னுடையதே. எனக்கு மதிப்பெண் வேண்டாம்" என்றார். குற்றஞ் சாட்டினோர் ஒருமுகமாயிருக்க, சாட்டப்பட்டவரும் ஒப்புக்கொள்ள, எம் வேலை எளிதாய் முடிந்ததென்றே ஒரு கணம் எண்ணினோம். பேனாவையும் எடுத்துவிட்டோம். ஆயினும் ஒரு கேள்வி எம்மைத் தடுத்தது. இம்மாணவரை நீக்கி வேறொருவரை அவ்விடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு இது நிகழாதோ? அதற்கு விடை தெரியவில்லை. தெரியாதபோது தண்டிப்பது நியாயமன்று. தன்மேற் குற்றத்தை ஏற்றுக்கொள்ளுதல் பெருந்தன்மையே. ஆனால் அதுவும், பிறர்மேற் குற்றஞ் சாட்டுதலைப் போலவே, விசாரணையை இடையில் நிறுத்திவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

எட்டு நாட் கழித்துப் பரிசீலனைக் கூட்டம் கூடிற்று. அதனை யாம் தலைமை வகித்து நடத்தவில்லை. மதிப்பெண் இடுபவர் தலைமை வகிக்குங் கூட்டத்தில் மாணவர் உண்மையைச் சொல்லத் தயங்குவர். மேலும் யாமே விசாரிக்கப்பட வேண்டியவருள் ஒருவராயிருந்தோம். ஆகவே வேறு துறை ஆசிரியர் ஒருவரைத் தலைவராக அமரும்படி வேண்டிக் கொண்டோம். அவர் தொடக்கத்திலேயே ஓர் உறுதி கூறினார்: "இக்கூட்டத்தில் ஒருவர் தம் பிழையைத் தாமே எடுத்துச் சொன்னால், அச்சொல்லைக் கொண்டு எவருக்கும் மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது. மதிப்பெண் என்பது முன்னரே அறிவிக்கப்பட்ட விதிப்படி, களத்தாளிலுள்ள குறிப்பைக் கொண்டு, வேறொரு நாளில் இடப்படும்." இவ்வுறுதியின்றி அன்று வெளிவந்தவற்றுட் பாதியும் வெளிவந்திராது.

அமெரிக்கத் தரைப்படையார் 1970களில் தொடங்கித் தம் பயிற்சிப் போர்களின் முடிவில் நடத்திவரும் பரிசீலனையில் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பர். எது நிகழவேண்டுமென்று எண்ணினோம்? எது நிகழ்ந்தது? வேற்றுமை ஏன் உண்டாயிற்று? அடுத்த முறை எதனைக் காப்போம், எதனை மாற்றுவோம்? கேள்விகளைப் பார்க்கின் சிறுபிள்ளையும் கேட்கத் தக்கனவே. அவற்றின் பயன் வரிசையில் இருக்கின்றது. நாம் வழக்கமாக மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றோம். அதனையும் "ஏன்" என்று கேளாது "யார்" என்று கேட்கின்றோம். தலைவர் இவ்வரிசையை மாறவிடவில்லை. முதலிரண்டு கேள்விகளும் முடியும்வரை "ஏன்" என்னுஞ் சொல்லையே எவரும் எடுக்கலாகாதென்றார்.

அறுவரும் யாமும், ஒருவரோடொருவர் பேசாது, அவரவர் அறிந்த நிகழ்ச்சிகளைத் தேதியோடு தாளில் எழுதினோம். முதலிற் பேசுபவர் சொல்லும் கதையே பிறருடைய ஞாபகமாகவும் ஆகிவிடும். ஆதலின் பேச்சுக்கு முன் எழுத்து வேண்டும். பின்னர்க் களத்தாள்கள், இண்டெண்டுச் சீட்டின் நகல், அலைபேசியில் வந்த செய்திகள் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்து, வாரவாரியாகக் கரும்பலகையில் எழுதினார்கள். ஒவ்வொரு வரியின் எதிரிலும், அன்று அதனை அறிந்திருந்தவர் எவர், அறியாதிருந்தவர் எவர் என்றுங் குறித்தனர்.

கரும்பலகையில் எழுந்த வரலாறு வருமாறு. முதல் வாரத்தில் யாமே கருவியை நியமக் கரைசலில் இட்டு அளவு திருத்திக் காட்டினோம். ஆனால் வேலைப் பங்கீட்டுத் தாளில் அவ்வேலை எவருக்கும் உரியதாக எழுதப்படவில்லை. களத்தாளிலும் அதற்கொரு கட்டம் இல்லை. அவ்விரண்டையும் வகுத்தவர் யாமே. ஆறாம் வாரம் கரைசற் புட்டி தீர்ந்துபோயிற்று. கருவிக்குரிய மாணவர் அன்றே இண்டெண்டு எழுதித் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் மறுநாள் எம் மேசைமேல் வைத்தார். அஃது அங்கே பதினேழு நாட் கிடந்தது. யாம் கையெழுத்திட்டு அனுப்பியபின் ஸ்டோரில் மற்றச் சாமான்களோடு சேர்த்து வாங்கப்பட்டு, திட்டம் முடிந்தபின் வந்து சேர்ந்தது. எட்டாம் வாரம், டீசல் எந்திரம் வைத்த கிணற்றில் நீர்மேல் எண்ணெய் மிதந்ததென்று வாளி கொண்டு சென்றவர் களத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார். கருவியின் மின்வாயில் எண்ணெய் படிந்தால் நீரைத் தொடும் பரப்புக் குறைந்து, எண்ணும் குறைவாகக் காட்டும். அதை எழுதியவர் இதனை அறியார். இதனை அறிந்த யாம் அத்தாளைப் பார்த்திலேம். ஒன்பதாம் வாரம் கணக்கர் எண்கள் இறங்கியதைக் கண்டு, தலைவருக்குத் தனியே செய்தி அனுப்பினார். "மழை பெய்திருக்கலாம்" என்று தலைவர் விடையிறுத்தார். அவ்வாரம் ஒரு துளியும் மழை இல்லை என்பது மழைமானிக் குறிப்பில் இருந்தது. ஆனால் மழைமானிக்குரியவருக்கு அக்கேள்வி எட்டவேயில்லை.

கரும்பலகை நிறைந்தபொழுது அறையில் ஒருவரும் பேசவில்லை. பிழையைத் தடுத்திருக்கக்கூடிய செய்தித் துண்டுகள் நான்கு பேரிடம் நான்காகப் பிரிந்து கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்கும் வாய்க்கால் இல்லை. கருவிக்குரியவர் பெயர் அவ்வரலாற்றில் ஓரிடத்தில்தான் முக்கியமாக வருகின்றது. அதுவும் இண்டெண்டை உரிய நாளில் எழுதியவர் என்றே வருகின்றது.

இங்கே ஒரு மாணவர், "ஒன்பதாம் வாரத்திலேனும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பார்த்தவுடனே தெரிகின்றதே!" என்றார். இக்கூற்று நேர்மையானதே, ஆயினும் தவறானது. முடிவை அறிந்தபின் அம்முடிவு முன்னரே தெரிந்திருக்க வேண்டியதுபோலத் தோன்றுவது மனத்தின் இயல்பு. பரூக் ஃபிஷ்ஷாஃப் என்னும் உளநூலார் இதனைச் சோதித்து 1975இல் வெளியிட்டார். 1814இல் தொடங்கிய ஆங்கிலேயர் கூர்க்கர் போர் போன்ற, படிப்போர் பெரிதும் அறியாத நிகழ்ச்சிகளைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, முடிவு இன்னதென்று ஒரு சாராருக்குச் சொன்னார். மற்றொரு சாராருக்குச் சொல்லவில்லை. முடிவு சொல்லப்பட்டவர் எந்த முடிவு சொல்லப்பட்டதோ அதுவே நிகழக்கூடியதென்று மிகுதியாக மதிப்பிட்டனர். முடிவு சொல்லப்படாதிருந்தாலும் தாம் அவ்வாறே எண்ணியிருப்போம் என்றும் நம்பினர். பரிசோதகர் படத்தைச் சுட்டியபின் நமக்கு ஐந்திலொரு பங்கு வீழ்ச்சி கண்ணைப் பறிக்கின்றது. அக்டோபரில், வெயிலில், பன்னிரண்டாவது கிணற்றின் அருகில் நின்றவர் கையில் இருந்தது படமன்று. ஓர் எண் மாத்திரமே.

ஆகவே தலைவர் வேறொரு கேள்வியை ஐவரிடமும் தனித்தனியே கேட்டார்: "அன்று அவர் அறிந்திருந்ததை மாத்திரம் அறிந்து, அவர் கையிலிருந்ததை மாத்திரம் கையிற்கொண்டு, நீங்கள் அவ்விடத்தில் நின்றிருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?" இருவர் ஒன்றும் செய்திரோம் என்றனர். ஒருவர், கருவியைச் சோதித்திருப்பேன் என்று தொடங்கி, சோதிக்கக் கரைசல் இல்லையே என்று தாமே நிறுத்திக்கொண்டார். மற்றை இருவரும் தலையசைத்தனர். அதே அறிவுடைய பிறரும் அதனையே செய்திருப்பரென்றால் அது வேலையமைப்பின் பிழை, ஆளின் குற்றமன்று. குற்றமென்பது, செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்து, செய்ய இயன்று, ஒருவருக்குஞ் சொல்லாது விட்டுவிடுதல்.

அவ்வாறு ஒன்றும் இல்லாமற் போகவில்லை. இவ்விடத்தில் எம் கருத்து, குற்றஞ் சாட்டாமை என்பதைத் தவறாக விளங்கிக்கொண்ட அன்பர்களிடமிருந்து வேறுபடுகின்றது. "எல்லாரும் பொறுப்பாளிகள், எல்லாருக்கும் சமமாக இட்டுவிடுக" என்பர் சிலர். அஃது இரக்கம்போலத் தோன்றினும் அநீதியே. களத்தாளில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்றவர் கையெழுத்து உண்டு. வாளிக்குரிய இருவருள் ஒருவர் பதினாறு வாரத்தில் ஐந்து வாரமே கையெழுத்திட்டிருந்தார். மற்றவர் பத்து நாள் தேசிய மாணவர் படை முகாமுக்குச் சென்றபொழுது, இரண்டு சனிக்கிழமைகளில் கருவிக்குரிய மாணவர் தாமொருவராகவே கருவியும் வாளியும் நாடாவும் சுமந்து பன்னிரண்டு கிணறுகளையும் அளந்திருந்தார். இதனைக் கூட்டம் அதுவரை அறியாது. தண்டிக்க வேண்டுமென்று ஐவர் கேட்ட அதே மாணவர்தான் மிகுதியாக உழைத்தவர் என்பது கையெழுத்துக்களை எண்ணியபின்னரே தெரிந்தது.

உழைப்பின் பங்கை மதிப்பிடுவதில் ஞாபகம் எத்துணைப் பொய்யான சாட்சி என்பதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு அன்று கிடைத்தது. முழு வேலையும் நூறாயின் உம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதச் சொன்னோம். ஆறு தாள்களையுங் கூட்டினால் நூற்றைம்பத்தைந்து வந்தது. மாணவர் நகைத்தனர், ஒருவரும் பொய் எழுதவில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டபொழுதும் இவ்வாறே கூட்டுத்தொகை முழுமையை மீறக் கண்டனர். தாம் செய்தது தமக்கு நன்கு ஞாபகமிருக்கின்றது. பிறர் செய்தது கண்ணிற் படுவதே அரிது. கணக்கர் தம் அறையில் விழித்த இரவுகளைக் கணக்கிட்டார். கிணற்றடியில் நின்ற காலைகளை அவர் கண்டதில்லை. ஆதலின் ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்வதும், ஐவர் ஆறாமவரைப்பற்றிச் சொல்வதும் மதிப்பெண்ணுக்கு ஆதாரமாகா. வேலை நடக்கும்பொழுதே எழுதப்பட்ட குறிப்பே ஆதாரம்.

ஐந்து வாரமே வந்த மாணவரைத் தலைவர் கடிந்துரைக்கவில்லை. "தம்பி, செப்டம்பரில் என்ன நிகழ்ந்தது?" என்று மாத்திரம் கேட்டார். தந்தையார் நோயுற்றதனால் காலைவேளையில் கடையைத் தாம் திறக்க வேண்டியிருந்ததென்றும், சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாது விட்டதாகவும் அவர் கூறினார். அப்பொழுதே சொல்லியிருந்தால், மாலையில் வீட்டிலிருந்து செய்யத்தக்க கணக்குவேலையை அவருக்கும், வாளியைக் கணக்கருக்கும் மாற்றியிருக்கலாம். காரணத்தைக் கேட்டறிந்தோம், ஆனால் மதிப்பெண்ணை அது மாற்றவில்லை. குழுப்பணிக்குரிய இருபத்தைந்தில் பத்து, ஏற்றுக்கொண்ட கடமையைக் களத்தாளின்படி நிறைவேற்றியதற்கு என்று முதல் வாரமே அறுவரும் கையெழுத்திட்டிருந்தனர். பதினாறில் ஐந்துக்கு மூன்று கிடைத்தது. அவர் அதனை மறுக்கவில்லை. கருவிக்குரியவருக்கு அப்பத்தும் முழுமையாகக் கிடைத்தது. ஐவரும் தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

நான்காவது கேள்வி எஞ்சிற்று. "இனி எல்லாரும் கவனமாயிருக்க வேண்டும்" என்று ஒருவர் தொடங்கினார். தலைவர் அதனை எழுத மறுத்துவிட்டார். கவனமாயிருத்தல் என்பது பாடமன்று. நாளை காலை எவர் எதனைச் செய்வார் என்று அதிலிருந்து அறிய முடியாது. நெடுநேரம் பேசி மூன்றே முடிவுகளை எழுதினர். முதலாவது, களத்தாளின் முதல்வரி நியமக் கரைசலில் கருவி காட்டும் எண்ணுக்குரியது. அவ்வரி வெறுமையாயிருப்பின் அன்று கிணற்றுக்குச் செல்லுதல் இல்லை. இரண்டாவது, புட்டி பாதியாகும்பொழுதே இண்டெண்டு எழுதப்படும். மேற்பார்வையாளர் இரண்டு நாளிற் கையெழுத்திடாவிடின் மாணவர் நேரே மற்றைத் துறையில் இரவல் கேட்கலாம். மூன்றாவது, வழக்கத்துக்கு மாறான எண் எதுவாயினும் அன்றே அறுவருக்கும் ஒருங்கே அறிவிக்கப்படும், தனிச்செய்தி கூடாது. ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைச் செய்து முடிக்க வேண்டியவர் பெயரும் நாளும் எழுதப்பட்டன. இரண்டாவதன் எதிரில் எம் பெயர் இருந்தது.

தண்டனையில்லையேல் ஒழுங்கில்லை என்று சொல்லும் நண்பர்களும் நம்மிடை உளர். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றோம். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடுக்கப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகணை துணைக்கோளை நிலைநிறுத்தாது வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தாமே சென்று தோல்விக்கு விடையிறுத்தார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வெற்றி கிட்டியபொழுது கலாமை முன்னே அனுப்பினார். இக்கதையைப் பலரும் இம்மட்டில் சொல்லி முடிப்பர். அதன் மறுபாதியே நம் விஷயத்துக்கு வேண்டுவது. தலைவர் வெளியே பொறுப்பை ஏற்றதனால் உள்ளே விசாரணை தளரவில்லை. இரண்டாம் அடுக்கின் திசைகட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு ஒன்று பழுதுற்றமையே காரணமென்று கண்டறிந்தனர். தோற்றவரை நீக்கி வேறொருவரை வைக்கவில்லை. தோல்வியை நன்கறிந்த அதே இயக்குநரைக் கொண்டே ஓராண்டுக்குள் வென்றனர். கருவிக்குரிய மாணவரின் இருபத்தைந்து மதிப்பெண்ணை யாம் அழித்திருந்தால் எம் மேசையிற் கிடந்த இண்டெண்டுச் சீட்டு என்றும் வெளிவந்திராது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. வேண்டுமென்றே எண்களைப் புனைந்து எழுதுதல், பிறர் எழுத்தைத் திருடுதல் ஆகியவை பரிசீலனைக் கூட்டத்துக்குரியன அல்ல. அவற்றுக்கு வேறு விசாரணை உண்டு, அதனை இதனோடு கலத்தலாகாது. குறிப்பே எழுதாத குழுவுக்கும் இக்கூட்டம் பயன்படாது. அங்கே ஞாபகமும் குரலின் உரப்பும் மாத்திரமே மிஞ்சும். மேலும் பரிசீலனையால் போனது திரும்பி வருவதில்லை. கருவி எவ்வளவு எப்பொழுது பிறழ்ந்ததென்று தெரியாமையால் தொண்ணூற்றாறு அளவுகளையும் திருத்திக்கொள்ள வழியில்லை. மாணவர் எட்டு வாரத்து அளவுகளை மாத்திரம் வைத்து, எஞ்சியவை ஏன் தள்ளப்பட்டன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அறிக்கையைத் திருப்பித் தந்தனர். மழைக்குப்பின் உப்பு எவ்வளவு குறைந்தது என்னும் அவர்கள் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

ஆயினும் ஒன்று சொல்வோம். அடுத்த ஆண்டு வந்த குழு அதே கருவியை எடுத்துச் சென்றது. மூன்றாம் வாரம் களத்தாளின் முதல்வரியில் 1290 என்று எழுதி, கிணற்றுக்குச் செல்லாது, மின்வாயைக் கழுவித் துடைத்து, மீண்டும் கரைசலில் இட்டு 1408 என்று எழுதி, அதன்பின் புறப்பட்டனர். அரைமணி நேரம் தாமதமாயிற்று, வேறொன்றும் கெடவில்லை. அவ்வரி ஏன் அங்கே இருக்கின்றதென்று அவர்களுள் ஒருவரும் அறியார்.

ஆதலின் நம் கல்லூரிப் பேரவை மூன்று விஷயங்களை எல்லாத் துறைகளுக்கும் விதியாக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். குழுத்திட்டப் பரிசீலனைக் கூட்டத்துக்கு மதிப்பெண் இடுபவரல்லாத ஒருவர் தலைமை வகித்தல் வேண்டும். குழுப்பணிக்குரிய மதிப்பெண் எக்குறிப்பைக் கொண்டு இடப்படும் என்பது முதல் வாரமே எழுதிக் கையெழுத்திடப்படுதல் வேண்டும். கூட்டம் முடிவில் மாத்திரமன்றி நடுவிலும் ஒருமுறை, கால்மணி நேரமேனும், கூடுதல் வேண்டும். அக்டோபரில் அவ்வாறு கூடியிருந்தால் எண்ணெய், மழைமானி, இண்டெண்டு, கடை ஆகிய நான்கும் ஒரே மேசையில் வந்து சேர்ந்திருக்கும். மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். அக்கூட்டத்தில் முதலில் உங்கள் தாளை எடுத்துப் படியுங்கள். "பதினேழு நாள் என் மேசையிற் கிடந்தது" என்று யாம் படித்தபின்னரே, "மழை பெய்திருக்கலாம் என்று எழுதியவன் நான்" என்று மாணவர் தலைவர் எழுந்தார்.